மிஸ்ஸுக்கு நூறு ரூபாய்க்குள் ஒரு பரிசு

கோயம்புத்தூரில் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். விரும்பி ஏற்ற பதவி இல்லை, போன வருடம் இருந்தவர் வீடு மாறிப் போனதால் வந்து சேர்ந்தது. 2025 ஆகஸ்ட் நடுவில் ஒரு அம்மா, "டீச்சர்ஸ் டேக்கு எல்லாரும் சேர்ந்து ஏதாவது பண்ணலாமா?" என்று எழுதினார். மாலைக்குள் பட்டுச் சேலை, வெள்ளிக் குங்குமச் சிமிழ், ஐந்நூறு ரூபாய் தலைக்கு என்று பேச்சு ஏறிவிட்டது.

முதலில் பள்ளி அலுவலகத்தில் கேட்டேன். தனித்தனியாகப் பிள்ளைகள் பரிசு கொண்டுவரக் கூடாது, வகுப்பு மொத்தமும் சேர்ந்து சின்னதாக ஒன்று தரலாம், டீச்சர்களுக்குப் பணமாகவோ கிஃப்ட் கார்டாகவோ கூடாது என்றார்கள். பட்டுச் சேலைப் பேச்சு அதோடு அடங்கியது. குழுவில், "ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 100 ரூபாய். விருப்பம் இருப்பவர்கள் மட்டும். குறைவாகவும் தரலாம்" என்று போட்டுவிட்டு, எழுதினால் போதும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஒருவர் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டைக் குழுவில் போட்டு "டன்" என்றார். பின்னாலேயே ஆறு ஸ்க்ரீன்ஷாட், கூப்பிய கை எமோஜிகள். மதியம் எனக்குத் தனியாக ஒரு செய்தி: "அக்கா, சம்பளம் இன்னும் வரல. அடுத்த மாசம் அஞ்சாம் தேதிக்குள்ள தந்தா பரவால்லையா?"

அதைப் படித்ததும் சங்கடமாகிவிட்டது. விருப்பம் இருந்தால் தரலாம் என்று நான் எழுதியதை அவர் கடனாக எடுத்துக்கொண்டிருக்கிறார். அவர்மேல் தப்பில்லை. ஏழு ஸ்க்ரீன்ஷாட்டுக்குப் பிறகு எட்டாவது ஆளுக்கு அது எப்படி விருப்பமாக இருக்கும்? "வேண்டவே வேண்டாங்க, உங்க பொண்ணோட கார்டு மட்டும் போதும்" என்று பதில் போட்டேன். குழுவில், இனி யாரும் ஸ்க்ரீன்ஷாட் போட வேண்டாம், யார் தந்தார் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும், யார் தரவில்லை என்று நான் பார்க்கப்போவதும் இல்லை என்று எழுதினேன். போட்டிருந்த ஏழு ஸ்க்ரீன்ஷாட்டையும் அட்மின் உரிமையில் அழித்தேன். ஒருவருக்கு அதில் வருத்தம்தான்.

ஜிபேயிலேயே செலவைப் பிரிக்கும் வசதி இருக்கிறதே என்று ஒரு அப்பா சொன்னார். நண்பர்கள் பிரியாணி சாப்பிட்ட கணக்குக்கு அது நல்லது. பாக்கி யார் என்று எல்லோருக்கும் காட்டுவதால் இந்த வேலைக்கு ஆகாது. ஒரு வாட்ஸ்அப் நம்பரும் ஒரே கடைசி நாளும் போதும் என்று விட்டுவிட்டேன். நினைவூட்டும் செய்தியும் ஒரே ஒரு முறைதான்.

உச்சவரம்பு மேல் பக்கமும் வேலை செய்யும் என்று அப்புறம்தான் புரிந்தது. ஒருவர் 500 ரூபாய் அனுப்பி, "மிச்சத்தை தராதவங்க கணக்குல வெச்சுக்கோங்க" என்றார். நல்ல மனசுதான். ஆனால் அதை வாங்கினால் தராதவர்கள் என்று ஒரு கணக்கு உண்டாகிவிடும். 400 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன்.

எதை வாங்குவது என்பதற்கு வாட்ஸ்அப்பிலேயே வாக்கெடுப்பு வைத்தேன். அதுவும் தப்பு. யார் எதற்கு ஓட்டுப் போட்டார் என்று பெயரோடு தெரிந்தது. முதலில் மூன்று பேர் சுவர்க் கடிகாரத்துக்குப் போட, பின்னால் வந்தவர்களும் அதற்கே போட்டார்கள். அதை நீக்கிவிட்டுப் பெயரோ மின்னஞ்சலோ கேட்காத கூகுள் ஃபார்ம் ஒன்று அனுப்பினேன். அதில் கடிகாரத்துக்கு விழுந்தது இரண்டே ஓட்டு.

நடுவில் என் நாத்தனாரிடம் கேட்டேன். பதினெட்டு வருடமாக டீச்சர். "மக் மட்டும் வேண்டாம்டி, வீட்ல பதினோரு மக் இருக்கு. சேலைன்னா ஜாக்கெட் தைக்கற கூலி எங்க தலைல. நாள் பூரா கத்தி கத்தித் தொண்டை போயிடுது. சுடுதண்ணி சூடா இருக்கற மாதிரி ஒரு ஃப்ளாஸ்க் குடுத்தா கும்பிடுவேன்." ஃபார்மில் ஃப்ளாஸ்க்கைச் சேர்த்ததும் பாதிக்கு மேல் ஓட்டு அதற்குத்தான்.

வசூல் முடிகிற வரை எதையும் வாங்கவில்லை. முதலிலேயே பொருளை முடிவு செய்துவிட்டால், குறைகிற பணத்துக்கு ஆள் தேட வேண்டி வரும், "இன்னும் எட்டு பேர் பாக்கி" என்று எழுத வேண்டி வரும். அந்த ஆண்டு செப்டம்பர் 5 வெள்ளிக்கிழமை மிலாடி நபி விடுமுறை, அதனால் பள்ளியில் 4-ஆம் தேதியே விழா. ஆகஸ்ட் 30-ஐக் கடைசி நாளாக வைத்தேன்.

33 பிள்ளைகளில் 24 வீட்டிலிருந்து வந்தது. 19 பேர் நூறு, 4 பேர் ஐம்பது, ஒருவர் இருபது. மொத்தம் 2,120 ரூபாய்.

பாத்திரக்கடையில் அரை லிட்டர் எவர்சில்வர் ஃப்ளாஸ்க் 680 ரூபாய். கடைக்காரரிடம் கேட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி மூடி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். முதலில் எடுத்தது மூடி விளிம்பில் கசிந்தது, ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. இரண்டாவது கசியவில்லை, பத்து நிமிடம் கழித்தும் வெளிப்பக்கம் சுடவில்லை. தமிழ் மிஸ், கம்ப்யூட்டர் மிஸ், பி.டி. சார் மூன்று பேருக்கும் மூடி போட்ட டம்ளர், ஒன்று 240 வீதம் 720. வகுப்பு டீச்சருக்கு மட்டும் பெரியது ஏன் என்று ஒரு கேள்வி வந்தது. நாள் முழுக்க இந்தப் பிள்ளைகளோடு இருப்பவர் அவர்தான் என்றேன், அதற்கு மேல் விவாதம் வளரவில்லை.

ஆயாம்மாவை யாரும் நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்தியது. பிள்ளைக்கு வாந்தி வந்தால் ஓடி வருபவர் அவர். பணம் வேண்டாம் என்ற விதி டீச்சர்களுக்குத்தானா என்று அலுவலகத்தில் மறுபடி கேட்டு, மொய் வைக்கிற மாதிரி கவரில் 501 ரூபாய் வைத்தோம்.

இன்னொரு 110 ரூபாய் ஸ்பைரல் பைண்டிங்குக்கும் அட்டைக்கும். ஒவ்வொரு பிள்ளையும் மிஸ்ஸுக்கு ஒரு பக்கம் எழுதி வரைய வேண்டும். இங்கேதான் ஒரு சறுக்கல். 31 பக்கம் வந்ததும் முடிந்தது என்று நினைத்துவிட்டேன். குழுவில் இல்லாத பெற்றோர் இரண்டு பேர் என்பது வருகைப்பட்டியலோடு ஒத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒரு வீட்டில் அப்பாவிடம் மட்டும்தான் போன், அவருக்கு நைட் ஷிஃப்ட். வேன் ஓட்டும் அண்ணனிடம் வெள்ளைத் தாள் கொடுத்தனுப்பி, செவ்வாய்க்கிழமை இரண்டு பக்கமும் வாங்கிவிட்டேன்.

குழுவில் மொத்த வசூல், பில் படங்கள், செலவு 2,011, மிச்சம் 109 என்று மட்டும் போட்டேன். மிச்சத்துக்கு வகுப்பு அலமாரிக்குப் பென்சில். "யார் யார் குடுத்தாங்கன்னு ஒரு லிஸ்ட் போடுங்களேன், நன்றி சொல்லலாம்" என்று ஒருவர் கேட்டார். லிஸ்ட் இல்லை என்றேன். உண்மையில் ஒரு நோட்டில் இருந்தது, அன்று இரவு கிழித்துவிட்டேன்.

500 அனுப்பியவர், தன் மகன் பக்கத்தை முதலில் வைக்க முடியுமா என்று பைண்டிங்குக்கு முன்னால் கேட்டிருந்தார். ரோல் நம்பர் வரிசை என்று சொல்லிவிட்டேன். அந்த வரிசைப்படி முதல் பக்கம், சம்பளம் வரவில்லை என்று எழுதிய அம்மாவின் மகளுடையது. மிஸ்ஸுக்கு இரண்டு ஜடை போட்டு, பக்கத்தில் ஒரு பூனை வரைந்திருந்தாள்.