சப்ளையர் அனுப்பிய படங்களுக்கு எழுத்தில் அனுமதி வாங்கிய அனுபவம்

கரூரில் உள்ள ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியிடம் மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் ஆகியவற்றை வாங்கி மூன்று ஆன்லைன் தளங்களில் விற்கிறேன். பொங்கல் விற்பனை சூடுபிடித்த நேரத்தில், ஒரு தளத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் மேசை விரிப்புப் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். பக்கத்தில் உள்ள படங்கள் தம்முடையவை என்று ஒருவர் பதிப்புரிமைப் புகார் கொடுத்திருந்தார். புகார் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற வேண்டும், இல்லையென்றால் படங்களைப் பயன்படுத்த எனக்கு உரிமை உண்டு என்பதற்கு ஆவணம் காட்ட வேண்டும் என்று தளத்தின் மின்னஞ்சல் சொன்னது. புகார் கொடுத்தவர் அதே கம்பெனியில் சரக்கு எடுக்கும் இன்னொரு விற்பனையாளர்!

படங்களை எனக்கு அனுப்பியது கம்பெனியின் மெர்ச்சண்டைசர். “எல்லோருக்கும் இவற்றைத்தான் கொடுக்கிறோம், போட்டுக்கொள்ளுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் இருந்தார். அந்தச் செய்தியைப் படமெடுத்து அனுப்பினேன். தளம் ஏற்கவில்லை. மெர்ச்சண்டைசரைக் கேட்டதும் அன்றே ஒரு கடிதம் வந்தது. லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தன. ஆனால் அதன் உள்ளடக்கம், “இவர் எங்கள் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்” என்ற வழக்கமான டீலர் கடிதம்தான். பொருளை விற்க அனுமதி உண்டு என்பதைத்தான் அது காட்டும். படத்தைப் பற்றியோ பக்கத்தில் எழுதும் பொருள் விவரத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. தளம் அதையும் திருப்பி அனுப்பியது. இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் விற்பனையாளர்கள் பலரை எனக்குத் தெரியும். தயவுசெய்து உங்களுடையதை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள்.

வேறு வாசகத்தில் கடிதம் தர மெர்ச்சண்டைசர் மறுத்தார். “முதலாளி கையெழுத்துப் போட வேண்டும், எனக்கு அதிகாரம் இல்லை” என்றார். நேரில் போனால் வேலை நடக்கும் என்று மதுரையிலிருந்து பஸ் ஏறினேன். முதலாளி ஃபிராங்ஃபர்ட்டில் இருந்தார். வீட்டு உபயோகத் துணிகளுக்கான ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சி அங்கே ஜனவரியில் நடக்கும். அந்த மாதத்தில் கரூர் ஏற்றுமதியாளர்களை ஊரில் தேடுவது வீண். போவதற்கு முன்பு தொலைபேசியில் கேட்டபோது யாரும் இதைச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

அந்தப் பயணத்தில் ஒரே நன்மை, அங்கிருந்த கணக்காளர் அம்மா. “படம் எடுத்ததற்கு யார் பணம் கொடுத்தார்கள்?” என்று நான் கேட்டதும் பில் கோப்பைத் திறந்து காட்டினார். வெள்ளைப் பின்னணியில் பொருள் மட்டும் தெரியும் படங்களுக்கு ஸ்டுடியோ பில் கம்பெனி பெயரில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் விரிப்பு, மேலே தட்டு, பூச்சாடி என்று அலங்கரித்து எடுத்த படங்களுக்கு எந்தப் பில்லும் இல்லை. கம்பெனிக் கணினியிலும் அவற்றின் மூலக் கோப்புகள் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்து சுருங்கிய பிரதிகள் மட்டுமே இருந்தன. விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. அந்தப் படங்களை எடுத்தவர் புகார் கொடுத்த விற்பனையாளர். அவர் கம்பெனிக்கு ஆசையாக அனுப்பிக் காட்டியதை மெர்ச்சண்டைசர் எல்லோருக்கும் தள்ளிவிட்டிருக்கிறார்.

சப்ளையர் தரும் படம் அவருடையதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை. மூலக் கோப்பைக் கேளுங்கள். ஸ்டுடியோவில் எடுத்த படம் என்றால் பெரிய அளவில், கேமரா விவரங்களோடு இருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், கேமரா விவரங்களும் போய்விடும். சுருங்கிய பிரதியைத் தவிர வேறெதுவும் இல்லை என்று அவர் சொன்னால், அந்தப் படம் எங்கிருந்தோ வந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

படம் எடுத்தவர் யார், பணம் கொடுத்தவர் யார் என்பதைத்தான் சட்டமும் கேட்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்தின் ஆசிரியர் அதை எடுத்தவர். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை பணம் கொடுத்தவருக்குப் போகும் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே வெள்ளைப் பின்னணிப் படங்களுக்கு அனுமதி தரக் கம்பெனிக்கு உரிமை இருந்தது. அலங்காரப் படங்களுக்கு இல்லை. தன்னுடையது அல்லாத ஒன்றுக்குக் கம்பெனி எத்தனை முத்திரை வைத்துக் கொடுத்தாலும் பயனில்லை.

முதலாளி ஊர் திரும்பும் வரை காத்திருந்து அவருக்கு மின்னஞ்சல் எழுதினேன். இதற்கிடையே என் பக்கத்திலும் பேரம் பேச ஒன்று இருந்தது. ஏப்ரன்களுக்கும் துண்டுகளுக்கும் நானே செலவு செய்து படம் எடுத்திருந்தேன், தமிழிலும் ஆங்கிலத்திலும் விவரங்கள் எழுதியிருந்தேன். கம்பெனி தன் சொந்தக் கடையை ஆன்லைனில் திறக்கப்போகிறது என்று கணக்காளர் அம்மா சொல்லியிருந்தார். அதற்கு அவர்களிடம் விவரம் எதுவும் இல்லை. ஆகவே கேட்பது மட்டுமல்லாமல் கொடுப்பதாகவும் எழுதினேன்:

“ஐயா, வணக்கம். இணைப்பு ஒன்றில் உள்ள படங்கள் உங்கள் கம்பெனி பணம் கொடுத்து எடுத்தவை. இணைப்பு இரண்டில் உள்ள படங்களும் விவரங்களும் நான் செலவு செய்து உருவாக்கியவை. உங்களுடையவை உங்களுக்கே சொந்தம், என்னுடையவை எனக்கே சொந்தம். இரு தரப்பும் மற்றவருடையதைக் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுத்தில் வைத்துக்கொள்ள விரும்புகிறேன்.

இந்த அனுமதி, உங்களிடம் வாங்கிய சரக்கை விற்பதற்கு மட்டும். நான் விற்கும் எல்லா ஆன்லைன் தளங்களுக்கும் பொருந்தும். காலம் மூன்று ஆண்டுகள். இடம் உலகம் முழுவதும். அளவு மாற்றவும், பின்னணி வெட்டவும், விவரத்தைச் சுருக்கவும் மொழிபெயர்க்கவும் இரு தரப்புக்கும் அனுமதி உண்டு. தளங்களின் விதிகள் கேட்கும் உரிமத்தைத் தளத்துக்குத் தரலாம். அதைத் தவிர வேறு யாருக்கும், மற்ற விற்பனையாளர்கள் உட்பட, எழுத்து அனுமதி இல்லாமல் கொடுக்கக் கூடாது.

துணியின் எடை, அளவு, சாயம் மாறினால் சரக்கு கிளம்பும் முன் எனக்குத் தெரிவியுங்கள், விவரத்தை மாற்றுகிறேன். ஒருவர் மீது ஒருவர் தளத்தில் புகார் கொடுக்கும் முன் மின்னஞ்சலில் தெரிவித்து ஏழு நாள் அவகாசம் தர வேண்டும். ஒப்பந்தம் முடிந்தால், நாம் ஏற்றிய படங்களை 30 நாளில் நீக்குவோம்.”

காலத்தையும் இடத்தையும் விடாமல் எழுதியதற்குக் காரணம் உண்டு. உரிமத்தில் காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எடுத்துக்கொள்ளும் (19ஆம் பிரிவு, 30ஏ பிரிவு வழியாக அது உரிமங்களுக்கும் பொருந்தும்). வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு விற்பவர்கள் இடத்தை எழுதாமல் விட்டால் அந்தப் பக்கத்துக்கு அனுமதியே இல்லை என்று ஆகிவிடலாம்.

முதலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். இணைப்பு ஒன்று பற்றி ஒரு தடையும் இல்லை. இரண்டில் சிக்கல் வந்தது. “அம்மா, உங்கள் படத்தை நம் மற்ற கடைக்காரர்களுக்கும் கொடுத்துக்கொள்கிறேனே, எனக்கு எல்லோரும் ஒன்றுதான்” என்றார். நான் மறுத்தேன். என் காசில் எடுத்த படத்தோடு என்னைவிடப் பத்து ரூபாய் குறைத்து ஒருவர் விற்பதற்கு நான் ஏன் வழி செய்ய வேண்டும்? இப்போது நடந்திருக்கும் வம்பே இப்படிப் படத்தைக் கைமாற்றியதால் வந்ததுதான் என்று நினைவூட்டினேன். கொஞ்சம் மௌனமாக இருந்துவிட்டு, அவர் கம்பெனிக் கடைக்கு மட்டும் என்று ஒப்புக்கொண்டார். அதற்கு ஈடாக, விவரங்களில் உள்ள அளவு, எடை, துவைக்கும் முறை போன்ற தகவல்களை யாருக்கு வேண்டுமானாலும் தரலாம் என்று நானும் விட்டுக்கொடுத்தேன். “100 சதவீதப் பருத்தி, 60க்கு 90 அங்குலம்” என்பது வெறும் தகவல். அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. அதைச் சொல்ல நான் எழுதிய வாக்கியங்கள்தான் என்னுடையவை.

அவர் எழுப்பிய இன்னொரு தடை நியாயமானது. சில டிசைன்கள் ஐரோப்பிய வாங்குவோருக்காகவே நெய்யப்பட்டவை; மிஞ்சிய சரக்கு உள்ளூரில் போகிறது. அவற்றின் படம் வெளிநாட்டவர் பார்க்கும் தளத்தில் வந்தால் அவருடைய ஏற்றுமதி ஆர்டரே போய்விடும். “உலகம் முழுவதும்” என்பதை அடித்துவிடச் சொன்னார். அதை விட்டால் என் வெளிநாட்டு விற்பனை போய்விடும் என்பதால், அந்த டிசைன்களின் எண்களைத் தனி இணைப்பாகப் போட்டு, அவற்றுக்கு மட்டும் இந்தியா என்று எழுதலாம் என்றேன். பட்டியலை அவரே அனுப்பினார்.

நீக்கும் பிரிவில் நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அமேசான் போன்ற தளங்களில் ஒரே பொருளுக்கு ஒரே பக்கம்தான். பல விற்பனையாளர்கள் அதன் கீழ் நிற்பார்கள். நான் ஏற்றிய படம் என் சரக்கு தீர்ந்த பிறகும் அங்கே நிற்கும், அதைத் தளம் எடுக்காவிட்டால் என்னால் எடுக்க முடியாது. ஆகவே “நீக்கும்படி தளத்திடம் கோரினால் கடமை முடிந்தது” என்று எழுதினோம். இந்த வரி இல்லாமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்கு வாக்குக் கொடுத்தவராகிவிடுவீர்கள்.

மின்னஞ்சலில் அவர் “சம்மதம்” என்று எழுதினார். உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதே சட்டம் கேட்பது, ஆனால் தளங்களின் சரிபார்ப்பவர்கள் லெட்டர்ஹெட்டைத்தான் பார்க்கிறார்கள். அதனால் ஒரு பக்க ஆங்கிலக் கடிதமும் வாங்கினேன். அதில் படக் கோப்புகளின் பெயர்கள், என் கடையின் பெயர் தளத்தில் உள்ளபடியே, “படங்களையும் விவரங்களையும் பயன்படுத்த” என்ற சொற்கள், கையெழுத்திட்டவரின் பதவி, கம்பெனி மின்னஞ்சல் எல்லாம் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். ஜிமெயில் முகவரியை வேண்டாம் என்று மாற்றச் சொன்னேன்.

புகார் கொடுத்தவருக்கும் நானே எழுதினேன். அவருடைய படங்களை மூன்று தளங்களிலிருந்தும் எடுத்துவிட்டதாகவும், அவை என்னிடம் எப்படி வந்தன என்பதையும் சொல்லி, மெர்ச்சண்டைசரின் செய்தியை இணைத்தேன். அவருக்கு என் மீதல்ல, கம்பெனி மீதுதான் கோபம். முதலாளி அவரிடம் பேசிய பிறகு புகாரைத் திரும்பப் பெற்றார். வெள்ளைப் பின்னணிப் படங்களும் கடிதமும் ஏற்றியதும் பக்கம் திரும்பியது. பொங்கல் விற்பனை அதற்குள் முடிந்துவிட்டது. பழைய தர வரிசையும் திரும்பவில்லை.

இப்போது மெர்ச்சண்டைசர் புதுப் படம் அனுப்பினால் மூலக் கோப்பையும் ஸ்டுடியோ பில் எண்ணையும் கேட்கிறேன். அவருக்கு எரிச்சல்தான். ஆனால் கணக்காளர் அம்மா அந்த எண்ணை அன்றே அனுப்பிவிடுகிறார், நான் அதை இணைப்பு ஒன்றில் சேர்த்து முதலாளிக்கு ஒரு பிரதி அனுப்புகிறேன்.