திங்கட்கிழமை கூட்டத்துக்கு நான் போட்ட பிவட் டேபிள்

போன வருஷம் ஒரு குடும்பத்தை மனை காட்ட ஏற்காட்டுக்குக் கூட்டிப்போனோம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி நாகலூர் பக்கம் போய் இறங்கினால், கேட்டில் புதுப் பூட்டு. மனை விற்று மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் எக்செல் ஷீட்டில் மட்டும் அது 'விற்பனைக்கு' என்றே நின்றது. கைக்குழந்தையோடு வந்த அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறி உட்கார்ந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் வீடு, மனை விற்றுக் கொடுக்கும் ஒரு சின்ன ஏஜென்சியில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். வாரா வாரம் திங்கட்கிழமை காலையில் எங்கள் சார், "ஏம்மா, அழகாபுரத்துல நம்ம கையில எத்தனை மனை இருக்கு?" என்பார். நான் ஷீட்டை மேலும் கீழும் உருட்டி எண்ணிச் சொல்வேன். ஏற்காடு போய்வந்த அந்த வாரம்தான், ஷீட்டில் இருப்பதைத் தானே எண்ணித் தரும் பிவட் டேபிள் போட உட்கார்ந்தேன்.

போடுவது ஐந்து நிமிட வேலை. ஷீட்டுக்குள் நின்று `Ctrl+T` அடித்து டேபிளாக்கினேன். பிறகு `Insert` போய் `PivotTable`. ஏரியாவை `Rows`, நிலையை `Columns`, வகையை `Filters`, பதிவு எண்ணை `Values` பெட்டியில் இழுத்துப் போட்டேன். பதிவு எண் என்பதால் எக்செல் அதைக் கூட்டிவிட்டது. `Count` என்று மாற்றினேன். விலையைக் கூட்டிப் பார்க்கும் ஆசையை அன்றே விட்டேன். ஏக்கர் கணக்குக் காபித் தோட்டத்தையும் சதுர அடி மனையையும் ஒரே கூட்டலில் போட்டால் வரும் தொகையை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

வகையில் 'மனை' தேர்ந்தெடுத்ததும் அழகாபுரம் மூன்று வரிகளாக வந்தது: 11, 3, 4. நான்கு, ஆங்கிலத்தில் `Alagapuram` என்று அடித்தது. மூன்று, பெயருக்குப் பின்னால் ஒரு காலி இடம் விட்டு அடித்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், பிவட்டுக்கு வேறு வேறு ஊர். காலி இடத்தை `TRIM` எடுத்துவிடும். ஆங்கிலத்தை நானே மாற்றினேன். அப்புறம் `Data Validation` வைத்து, ஏரியாவைப் பட்டியலிலிருந்து மட்டுமே எடுக்க முடியும்படி செய்தேன்.

இப்போது 18. அந்த எண்ணை டபுள் கிளிக் செய்தால் அதற்குள் இருக்கும் வரிகள் புது ஷீட்டில் விரியும். சர்வே நம்பரையும் மனை எண்ணையும் ஒப்பிட்டேன். நான்கு மனைகள் இரண்டு தடவை இருந்தன. ஓனர் ஒரு தடவை கொடுத்தது, புரோக்கர் ஒரு தடவை கொடுத்தது. மிச்சம் 14. ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். ஐந்து பேர் விற்றாயிற்று என்றார்கள். ஆக, கையில் 9.

நாகலூரில் நடந்ததும் இதுதான். விற்றதை யாரும் நமக்குக் கூப்பிட்டுச் சொல்வதில்லை. அதனால் 'கடைசியாகக் கேட்ட தேதி' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதன் பக்கத்தில் இதை எழுதினேன் (E நிலை, F தேதி):

```
=IF(AND(E2="விற்பனைக்கு",TODAY()-F2>21),"கேட்கணும்",E2)
```

பிவட்டின் `Columns` பெட்டியில் பழைய நிலையை எடுத்துவிட்டு இந்த நெடுவரிசையைப் போட்டேன். 21 நாள் தாண்டினால் அந்த மனை 'விற்பனைக்கு' எண்ணிக்கையிலிருந்து தானாக விலகி 'கேட்கணும்' பக்கம் போய்விடும். தேதி போடாத வரியும் அங்கேதான் போகும். ஆனால் ஷீட் மாறியது பிவட்டுக்குத் தானாகத் தெரியாது. `Refresh` கொடுக்க வேண்டும். ஒரு வாரம் அதை மறந்து பழைய எண்ணை வைத்தே பேசினோம். இப்போது `Refresh data when opening the file` டிக் செய்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று தாமதமாகத்தான் பிடிபட்டது. சரக்கே இல்லாத ஏரியா பிவட்டில் வராது. வகையைத் 'தனிவீடு' என்று மாற்றினால் கன்னங்குறிச்சி வரியே காணாமல் போனது. ஏரியாவின் `Field Settings` உள்ளே `Show items with no data` கொடுத்து, காலிக் கட்டத்தில் 0 காட்டச் சொன்னபின் வந்தது. ஷீட்டில் ஒரு தடவையாவது வந்த ஏரியாதான் அப்படித் தெரியும், அதுவும் உண்டு.

அந்த 0 வரியையும் விசாரிப்பு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாரிடம் காட்டினேன். அந்த வாரம் மட்டும் ஆறு பேர் கன்னங்குறிச்சியில் தனிவீடு கேட்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, அழகாபுரத்துக்குப் போற தம்பியை இந்த வாரம் கன்னங்குறிச்சிக்கு அனுப்பு. 'கேட்கணும்'ல இருக்கிறதை நீ போன் போட்டு முடிச்சிடு" என்றார். அன்று அதில் 23 வரி இருந்தது. மத்தியானத்துக்குள் எல்லோரையும் பிடித்துவிட்டேன், இரண்டு பேர் மட்டும் போனை எடுக்கவில்லை.