மதியம் வரை ஃபோன் அவளிடம் போகாது
நாகர்கோவிலில் சின்னதாக ஒரு கணக்கு அலுவலகம் நடத்துகிறேன். மாதம் 11, 20 தேதிகள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு. எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் பிள்ளை ஒருத்தி, ஒரே பில்லை இரண்டு தடவை பதிந்திருந்தாள். காட்டினால் "சரிக்கா" மட்டும்தான். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்து வருவதில்லை. "இதெல்லாம் செஞ்சு என்ன ஆகப்போவுது" என்றாள் ஒருநாள்.

தீராத களைப்பு, வேலைமேல் விலகல், தன்னால் முடியவில்லை என்ற நினைப்பு. பணிச்சோர்வுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மூன்று அடையாளங்கள் இவை. அதைச் சோம்பல் என்று திட்டினால் பிள்ளை இன்னும் ஒடிந்துபோவாள்.

20 கழிந்ததும் தனியாக உட்காரவைத்து, கண்ணில் பட்டதை மட்டும் சொன்னேன். "எந்த வேலை மக்ளே உன்னை ரொம்ப வாட்டுது?"

ரிட்டர்ன் என்பாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"ஃபோன்தான்க்கா. ஒரு பில் போடுறதுக்குள்ள மூணு பேரு கூப்பிடுறாங்க. விட்ட இடத்தத் தேடியே நேரம் போவுது."

இப்போது மதியம் ஒரு மணிவரை ஃபோனை வேறொருவர் எடுக்கிறார். அடிக்கடி கூப்பிடும் கடைகளின் கணக்கை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்குப் பிடித்த ரிட்டர்ன் வேலையைத் தொடவில்லை, சம்பளத்தையும். அடுத்த 20 கழிந்து மறுபடி பேசுவோம். அப்போதும் களைப்பு தீராவிட்டால் டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.