கோடை விடுமுறைத் திருப்பலி நேர மாற்றம்: பங்கு அலுவலக நாட்குறிப்பு

ஏப்ரல் 24, வெள்ளி

மே 1 முதல் 31 வரை வார நாள்களில் காலை 6.00 மணிக்கு ஒரே திருப்பலி. மாலைத் திருப்பலி சனிக்கிழமை மட்டும், 6.00 மணிக்கு. சனி காலையில் திருப்பலி இல்லை.

உதவிப் பங்குத்தந்தை விடுமுறையில் செல்வதால் ஒரே குருவானவர்தான் இருப்பார். திருச்சபைச் சட்டம் 905-இன்படி ஒரு குரு நாளுக்கு ஒரு திருப்பலிதான் நிறைவேற்ற வேண்டும். குருக்கள் குறைவாக இருந்தால் வார நாளில் இரண்டு, ஞாயிறு, கடன் திருநாள்களில் மூன்று வரை ஆயர் அனுமதிக்கலாம். வார நாளில் அந்த இரண்டாவதைக் காலியாக வைத்தால்தான் திடீரென வரும் அடக்கத் திருப்பலிக்கு இடம் இருக்கும்.

ஏப்ரல் 26, ஞாயிறு

"சனி காலை ஏன் எடுத்தீர்கள்?" என்று பலர் கேட்டார்கள். மே மாதச் சனிக்கிழமைகளில் திருமணங்கள் அதிகம். காலைத் திருப்பலி ஒன்று, திருமணம் ஒன்று, மாலையில் ஞாயிறு கடனுக்கான திருப்பலி ஒன்று என மூன்றாகிவிடும். சனிக்கிழமை வார நாள் கணக்கில்தான் வரும். மாலைத் திருப்பலியை எடுத்தால் ஞாயிறு வேலைக்குப் போகிறவர்களுக்கு வழியில்லை. ஆகவே காலையை எடுத்தோம்.

ஏப்ரல் 29, புதன்

மே மாதத்துக்கு முன்பே எழுதிவைத்த திருப்பலிக் கருத்துகள்தான் பெரிய சிக்கல். உதாரணத்துக்கு மே 7 காலையில் ஒரு குடும்பத்தின் நன்றிக் கருத்து, மாலையில் இன்னொரு குடும்பத்தின் நினைவுநாள். மாலைத் திருப்பலி இல்லை என்பதால் இரண்டையும் காலையில் சேர்த்து வாசித்துவிட முடியாது. தனித்தனியே காணிக்கை பெற்றால் தனித்தனித் திருப்பலி என்பது சட்டம் 948. நினைவுநாளின் தேதியை நகர்த்த யாருக்கும் மனம் வராது. அதனால் முதலில் நன்றிக் கருத்துக் குடும்பத்திடம் வேறு தேதி கேட்கிறோம்.

இருவருக்கும் அதே நாள்தான் வேண்டுமென்றால், பல கருத்துகளை ஒரே திருப்பலியில் ஒப்புக்கொடுக்கும் கூட்டுக் கருத்துத் திருப்பலி. வத்திக்கானின் 2025-ஆம் ஆண்டு ஆணைப்படி, காணிக்கை தந்தவர்களின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். நாள், இடம், நேரம் அறிவிக்கப்பட வேண்டும் என்று 1991-ஆம் ஆண்டின் பழைய ஆணை சொன்னது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது என்றும் அதில் இருந்தது. நாங்கள் செவ்வாய், வியாழன் என வைத்திருக்கிறோம். அதில் குரு ஒரு திருப்பலிக்கான வழக்கமான காணிக்கையை மட்டுமே எடுத்துக்கொள்வார். மீதி ஆயர் குறித்த காரியங்களுக்குப் போகும்.

மே 2, சனி

தினமும் வருகிறவர்களுக்கு ஒன்று. ஒரு மணி நேர உபவாசம் திருப்பலி தொடங்கும் நேரத்துக்கு அல்ல, நற்கருணை வாங்கும் நேரத்துக்கு. 6.00 மணித் திருப்பலியில் நற்கருணை ஏறக்குறைய 6.25-க்கு. 5.20-க்குள் காபியை முடித்துவிட்டால் போதும். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. முதியோர், நோயாளிகள், அவர்களைக் கவனிக்கிறவர்கள் ஆகியோரை இந்த விதி கட்டாது. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்து யாரும் மயங்கி விழ வேண்டாம்.

முதல் வாசகம் வாசிப்பவர் 5.50-க்குள் திருப்பண்டக அறைக்கு வந்து சொல்லிவிடுங்கள். பழைய 6.30 நினைப்பில் வந்தால் நற்கருணை வேளைக்குத்தான் உள்ளே நுழைவீர்கள்.