கேட்டில் போனை ஒப்படைத்துவிட்டு வேலை மாறியது: ரெக்ரூட்டரை மெயிலுக்குக் கொண்டுவந்த அனுபவம்

மணலியில் ஒரு ரசாயன ஆலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் கெமிஸ்ட்டாக இருந்தேன். எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்கள் புழங்கும் இடம் என்பதால் சாதாரண செல்போனுக்கு உள்ளே அனுமதி கிடையாது. தீப்பொறி உண்டாக்காது என்று சான்று பெற்ற தனி வகைக் கருவிகளை மட்டும்தான் கொண்டுபோகலாம். லேப் ஆலையைவிட்டுச் சற்றுத் தள்ளித்தான் இருந்தது. ஆனாலும் தடை கேட்டிலேயே ஆரம்பித்துவிடும். காலை எட்டரைக்கு செக்யூரிட்டி அறை லாக்கரில் போனை வைத்தால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்பக் கையில் வரும். லேபில் லேண்ட்லைன் உண்டு, ஆனால் வேறு கம்பெனி வேலைக்கு அந்த நம்பரை யாராவது கொடுப்பார்களா?

வெளியே வந்த பிறகும் உடனே பேச முடியாது. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எங்கள் மேனேஜரே உட்கார்ந்து வருவார். கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்கும் நாட்களில் சாத்தாங்காடு தாண்டித் திருவொற்றியூர் தேரடி வந்து இறங்கவே ஆறே முக்கால் ஆகும். அந்த நேரத்தில் பெரும்பாலான ரெக்ரூட்டர்கள் அன்றைய வேலையை முடித்துக் கிளம்பியிருப்பார்கள்.

போன் கையில் வந்ததும் பார்த்தால் தவறிய அழைப்புகள் வரிசையாக இருக்கும். ஒரே கன்சல்டன்சியிலிருந்து வேறு வேறு எண்கள். 'மாலை ஏழுக்கு மேல் அழையுங்கள்' என்று மெசேஜ் போட்டால் சரி என்று பதில் வரும். மறுநாள் காலை பதினோரு மணிக்கே மறுபடி கூப்பிட்டிருப்பார்கள். ரெஸ்யூமில் நம்பருக்குக் கீழேயே நேரத்தை எழுதிப் பார்த்தேன், அதுவும் யார் கண்ணிலும் படவில்லை.

இது ஏன் இப்படி நடக்கிறது என்று, கன்சல்டன்சியில் வேலை பார்த்த என் சித்தி பெண் சொன்ன பிறகுதான் விளங்கியது. ரெஸ்யூமை மென்பொருள் படித்து, பெயர், நம்பர், அனுபவம் இவற்றை மட்டும் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பிவிடும். நம்பருக்குக் கீழே எழுதிய குறிப்பு அங்கே போகாது. அழைப்பவருக்குத் தெரிவது அந்தப் பட்டியல் மட்டுமே. இன்று ஒருவர், நாளை இன்னொருவர். மணி அடித்தும் எடுக்காதவர் பெயருக்கு எதிரே 'ஆர்.என்.ஆர்.' என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அந்த வரியைத் திரும்பிப் பார்ப்பது அரிது. அவர்களுக்கும் அவசரம் இருக்கிறது. ஒரே வேலையைக் கம்பெனி பல கன்சல்டன்சிகளிடம் கொடுத்திருக்கும். ஒரு நபரின் ரெஸ்யூமை முதலில் அனுப்பியவருக்குத்தான் கமிஷன். மாலை ஏழு மணிவரை காத்திருந்தால் வேறு யாராவது முந்திவிடலாம்.

இதைவிட முக்கியமாக அவள் சொன்னது வேறொன்று. "முதல் போன் எதுக்குன்னு நினைக்கிற? ட்ராக்கர்ல ஒரு வரியை நிரப்பத்தான். அதை நீயே நிரப்பிக் குடுத்துட்டா அவங்களுக்கு உன்னைக் கூப்பிட வேண்டியதே இல்லை."

ட்ராக்கர் என்பது ரெக்ரூட்டர் தன் கிளையன்ட் கம்பெனிக்கு அனுப்பும் எக்செல் தாள். மொத்த அனுபவம், அந்த வேலைக்குப் பொருந்தும் அனுபவம், இப்போதைய சி.டி.சி., எதிர்பார்க்கும் சி.டி.சி., நோட்டீஸ் காலம், இருக்கும் ஊர், மாறத் தயாரா, மாறுவதன் காரணம், கையில் வேறு ஆஃபர் உண்டா. கேள்விகள் அநேகமாக இவ்வளவுதான். அதுவரை நான் 'போன் செய்யாதீர்கள்' என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது அவருக்கு ஒரு கதவை மூடுவது போல. ட்ராக்கர் வரியையே மெயிலில் கொடுத்தால் அவர் வேலை அன்றைக்கே முடியும்.

அந்தச் சமயம் ஒரகடம் பக்கம் ஒரு பெயின்ட் கம்பெனியின் லேபுக்கு சீனியர் கெமிஸ்ட் தேவை என்று ஒரு ரெக்ரூட்டர் தவறிய அழைப்போடு மெசேஜும் விட்டிருந்தார். அவருடைய மெயில் முகவரியைக் கேட்டு வாங்கினேன். முகவரி அந்தக் கன்சல்டன்சியின் வலைத்தளப் பெயரிலேயே முடிகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பொது ஜிமெயிலில் இருந்து வந்து, 'பதிவுக் கட்டணம்' என்றும் பேச்செடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. மெயிலை என் சொந்த முகவரியிலிருந்து, வீட்டிலிருந்து அனுப்பினேன். சப்ஜெக்ட்டில் பதவியின் பெயர், என் பெயர், '60 நாள் நோட்டீஸ்', 'மெயில் மட்டும், போன் இரவு 7.15க்கு மேல்' என்று நான்கும் இருந்தன. யார் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது சப்ஜெக்ட்தானே. உள்ளே ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இது:

"வணக்கம் சார். சீனியர் கெமிஸ்ட் பணிக்கு என்னை அழைத்ததற்கு நன்றி, எனக்கு விருப்பம் உண்டு. நான் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு விதிப்படி காலை 8.30 முதல் மாலை 5.30 வரை செல்போனை வெளியே ஒப்படைக்க வேண்டும். அதனால் பகலில் அழைத்தால் மணி அடிக்கும், எடுக்க ஆள் இருக்காது. மெயிலுக்கு அன்று இரவு 9 மணிக்குள் கட்டாயம் பதில் தருவேன். ட்ராக்கருக்கு வேண்டிய விவரங்கள் கீழே உள்ளன. என் ரெஸ்யூமை இந்த ஒரு பணிக்கு மட்டும் உங்கள் மூலம் அனுப்ப ஒப்புக்கொள்கிறேன். இப்போதைய கம்பெனியை யாரும் தொடர்புகொள்ள வேண்டாம். ட்ராக்கரின் ரிமார்க்ஸ் கட்டத்தில் 'மெயில் மட்டும்' என்று குறிக்க வேண்டுகிறேன்."

இதில் இரண்டு வரிகள் முக்கியமானவை. ஒன்று, இரவு 9 மணிக்குள் பதில் என்ற வாக்கு. அது இல்லாமல் 'மெயில் போடுங்கள்' என்றால் இந்த ஆள் மெதுவாகத்தான் வருவார் என்று தள்ளி வைத்துவிடுவார்கள். மற்றொன்று ஒப்புதல் வரி. ரெஸ்யூமை அனுப்பும் முன் ஒப்புதலை எழுத்தில் கேட்கும் கன்சல்டன்சிகள் உண்டு. அதை முன்கூட்டியே தந்தால் அவர் அன்றே அனுப்பலாம். 'இந்த ஒரு பணிக்கு மட்டும்' என்று போடாவிட்டால் அதே ரெஸ்யூம் எங்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியாது, நம் சொந்த கம்பெனிக்கே போனாலும் போகும்.

சம்பள விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும், போனில் போல மெயிலில் திருத்திப் பேச முடியாது. எனக்குக் கையில் வந்தது மாதம் 29,000. பன்னிரண்டால் பெருக்கினால் 3.48 லட்சம். ஆனால் இன்க்ரிமென்ட் கடிதத்தில் சி.டி.சி. 4.20 லட்சம். கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி, ஆண்டு போனஸ் எல்லாம் அதில் அடக்கம், அதோடு என் பங்கு பி.எஃப். பிடித்தமும் கையில் வராது. புது சம்பளத்துக்குப் பேரம் பேசும்போது பழைய சி.டி.சி. மேல்தான் சதவீதம் போடுவார்கள். அதனால் 'சி.டி.சி. 4.20 லட்சம், அதில் ஆண்டு போனஸ் இவ்வளவு' என்று பிரித்து எழுதினேன். சம்பளச் சீட்டு, ஆதார், பான் எதையும் இந்தக் கட்டத்தில் இணைக்கவில்லை. ஆஃபர் நெருங்கும்போது கம்பெனி ஹெச்.ஆர். கேட்டால் தந்தால் போதும்.

மறுநாள் மதியமே பதில் வந்திருந்தது: "மேடம், விவரம் எல்லாம் கிடைத்தது. ஐந்து நிமிடம் மட்டும் பேசலாமா?" எனக்குச் சலிப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் பேச்சில் என்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் நான் எப்படிப் பேசுகிறேன் என்று பார்க்க வேண்டும், கிளையன்ட் அதை எதிர்பார்க்கிறது என்றார். நியாயமான காரணம். அதை மெயிலில் காட்ட முடியாது. புதன் அல்லது வியாழன், இரவு 7.30 முதல் 7.40 வரை என்று இரண்டு நேரம் எழுதினேன். அவர் வியாழனைத் தேர்ந்து காலண்டர் அழைப்பு அனுப்பினார், நேரத்துக்குக் கூப்பிட்டார். 'ஏழுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும்' என்று சொன்னபோது வராத அழைப்பு, தேதியும் பத்து நிமிடமும் குறித்தபோது வந்தது.

மெயிலால் முடியாத இன்னொன்று இன்டர்வியூ. கம்பெனி முதலில் செவ்வாய் காலை பதினோரு மணிக்கு வீடியோவில் வைத்திருந்தது. அந்த மெயிலும் காலையில்தான் வந்திருக்கிறது, மதியம் ஒரு மணிக்குள் உறுதி செய்யச் சொல்லி. நான் பார்த்தபோது மாலை. நல்லவேளை, ரெக்ரூட்டர் என் நேரக் கணக்கை அவர்களிடம் முன்பே சொல்லியிருந்தார், நேரம் காலாவதியாகவில்லை. சனிக்கிழமை காலைக்கு மாற்றிக் கேட்டு, அன்று சி.எல். போட்டேன். லேப் தலைவர் கேஸ் க்ரோமடோகிராஃப் பற்றியும், என்.ஏ.பி.எல். தணிக்கைக்கு ஆவணங்களை எப்படி வைத்திருப்போம் என்பது பற்றியும் முக்கால் மணி நேரம் கேட்டார். ஒருமுறை ஹெச்.ஆரின் மெயில் ப்ரமோஷன்ஸ் பகுதிக்குள் போய்க் கிடந்தது. மெயிலை நம்பி இருப்பவர் இரவில் அந்தப் பகுதியையும் ஸ்பேமையும் பார்க்காமல் படுக்கக் கூடாது.

வியாழன் போனில் ரெக்ரூட்டர், "60 நாள் நோட்டீஸ் அவங்களுக்கு ஓகே மேடம்" என்று சொல்லியிருந்தார். போனை வைத்த கையோடு, பேசியதை நான்கு வரியில் மெயில் போட்டு, தவறாகப் புரிந்திருந்தால் திருத்தச் சொன்னேன். 'கன்ஃபர்ம்ட்' என்று ஒரு சொல்லில் பதில் வந்தது. ஆஃபர் கடிதத்தின் வரைவு வந்தபோது சேரும் தேதி 30 நாளில் இருந்தது. வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் நான் ஏதோ மாற்றிச் சொல்வதாக ஆகியிருக்கும். அந்த மெயிலையே மேலே வைத்து, சேரும் தேதியை மட்டும் திருத்தித் தருமாறு ஹெச்.ஆருக்கு எழுதினேன். ரெக்ரூட்டரும் அந்த மெயிலிலேயே எனக்கு ஆதரவாக எழுதினார். மூன்றாம் நாள் திருத்திய கடிதம் வந்தது. அது கையில் வந்த பிறகுதான் மணலி ஆலையில் ராஜினாமா கடிதம் கொடுத்தேன்.