டொலராக வைப்பதா, ரூபாயாக மாற்றுவதா: களுவாஞ்சிகுடி வீட்டுக் காசில் நான் படித்தது

கட்டாரில் ஏசி பழுதுபார்க்கும் வேலை எனக்கு. ஊர் இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிகுடி. 2021 செப்டெம்பரில், அதுவரை சேர்த்த 5,000 டொலர் அளவு காசை ஊருக்கு அனுப்பினேன். அப்போது ஒரு டொலர் 200 ரூபாயை ஒட்டி நின்றது. கைக்கு வந்தது பத்து லட்சம். மனைவி அதை ஒரு வருட நிலையான வைப்பில் போட்டா. வட்டி 6 வீதம். அடுத்த வருடம் எடுத்து வீட்டுக்கு மேல் தட்டு போடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைப் பிடித்து வைத்திருந்த கையை எடுத்தது. இரண்டு மாதத்தில் டொலர் 360ஐத் தாண்டியது. செப்டெம்பரில் வைப்பு முதிர்ந்தபோது வங்கி சொன்னபடி 10 லட்சத்து 60 ஆயிரத்தைத் தந்தது, ஒரு சதம் குறையவில்லை. ஆனால் அன்றைய விலையில் அது 2,950 டொலர்கூட இல்லை. போடும்போது ஆயிரத்தை ஒட்டி இருந்த சீமெந்துப் பக்கெட் மூவாயிரத்தை ஒட்டி நின்றது. மேசன் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் காசுக்குத் தூண் மட்டும்தான் எழுப்பலாம்" என்றார். அந்தத் தூண்கள் இரண்டு மழைக்காலம் கம்பி நீட்டிக்கொண்டு நின்றன.

அதற்குப் பிறகு ரூபாய் என்றாலே எனக்குப் பயம். அனுப்பும் எதையும் டொலராகவே வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். அதுவும் பிழை என்று காட்டியவர் என்னோடு ஒரே அறையில் இருந்த அக்கரைப்பற்று நண்பர். நான் ரூபாயை வெறுத்த அதே 2022 செப்டெம்பரில் அவர் 3,000 டொலரை 360க்கு மாற்றி, 22 வீத வட்டிக்கு ஒரு வருடம் போட்டார். வரி கழித்து அடுத்த செப்டெம்பரில் அவருக்கு வந்தது 13 லட்சம் சொச்சம். அப்போது டொலர் 323ஐ ஒட்டி இறங்கியிருந்தது. திருப்பிக் கணக்குப் பார்த்தால் 4,000 டொலருக்கு மேல். அவருக்கு வட்டியும் கூடியது, ரூபாயும் பலம் பெற்றது. எனக்கு வட்டியும் சிறிது, ரூபாயும் விழுந்தது. இரண்டுமே நிலையான வைப்புத்தான், ஒரு வருடம்தான்.

வட்டி எத்தனை வீதம் என்பது பாதிக் கேள்விதான் என்று அப்போதுதான் விளங்கியது. மற்றப் பாதி, அந்த ஒரு வருடத்தில் டொலர் எங்கே போகும் என்பது. அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் டொலர் எந்த விலையைத் தாண்டினால் எனக்கு நட்டம் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்க்கலாம். 2025 சித்திரை விடுமுறையில் ஊருக்கு வந்தபோது அதைத்தான் முதலில் செய்தேன்.

கணக்கு இப்படி. கையில் 1,000 டொலர் இருக்கிறது. வங்கி அப்போது எங்களிடம் வாங்கிய விலை 295. ரூபாய் வைப்புக்கு எனக்குச் சொன்ன வட்டி 8 வீதம். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள், ஆகவே கையில் வருவது 7.2 வீதம். 2,95,000 ரூபாய் ஒரு வருடத்தில் 3,16,240 ஆகும். அதே ஆயிரத்தை டொலர் கணக்கிலேயே 4 வீதத்துக்கு வைத்தால் 1,040 டொலர். முதல் தொகையை இரண்டாவதால் பிரித்தால் 304. அதாவது ஒரு வருடம் கழித்து வங்கி வாங்கும் விலை 304க்குக் கீழே இருந்தால் ரூபாய் வைப்பு நல்லது, மேலே போனால் டொலர் வைப்பு நல்லது. எட்டுக்கும் நாலுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் போலத் தெரிகிறது. டொலர் ஒன்பது ரூபாய் ஏறினால் அது முழுக்கக் கரைந்துவிடும். இதில் செய்தியில் வரும் நடுவிலையைப் போடக் கூடாது, விற்கும் விலையையும் போடக் கூடாது. எங்கள் கைக்கு வருவது வங்கியின் வாங்கும் விலை மட்டும்தான்.

கட்டார் ரியாலும் சவூதி ரியாலும் திர்ஹாமும் டொலரோடு கட்டப்பட்டவை. ஒரு டொலருக்கு 3.64 கட்டார் ரியால் என்பது மாறுவதில்லை. அதனால் எங்களுக்கு ரியால் சம்பளம் என்றால் டொலர் சம்பளம் என்றே எண்ணிக்கொள்ளலாம். ஜப்பானிலோ கொரியாவிலோ வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே யென், வொன் விழுவதும் எழுவதும் தனியாக இருக்கிறது.

டொலராக வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு வழி வேண்டும். இதை நான் பல வருடம் தெரியாமல் இருந்தேன். மனைவியின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பினால் அன்றே ரூபாயாகிவிடும். விடுமுறையில் மட்டக்களப்புக் கிளைக்குக் கடவுச்சீட்டு, தொழில் விசாப் பிரதி, அடையாள அட்டை கொண்டுபோய் என் பெயரில் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒன்றைத் திறந்தேன். கட்டாரிலிருந்து வங்கிக்கு வங்கி டொலராகவே அனுப்ப வேண்டும். கட்டணம் கூட. அதனால் மாதா மாதம் அனுப்பாமல் மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புகிறேன். இன்னொன்றையும் அந்தக் கிளையில் சொன்னார்கள். இது ஒரு வழிப் பாதை. டொலரை எப்போது வேண்டுமானாலும் ரூபாயாக்கலாம். ஆக்கிய ரூபாயைத் திரும்ப டொலராக்கி அந்தக் கணக்கில் போட முடியாது. ஆகவே சந்தேகம் இருந்தால் மாற்றாமல் விடுவதே நல்லது, மாற்றும் உரிமையாவது கையில் இருக்கும்.

இந்த நேரத்தில்தான் பணச் சந்தை நிதியம் பற்றிய பேச்சு வந்தது. டோஹாவில் இருந்தபோதே ஒருவர் தொலைபேசியில், "வைப்பைவிட நல்லது, டொலர் ஏறினாலும் கவலை இல்லை" என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது பகுதி உண்மை இல்லை. எங்கள் காசை ரூபாயில் வாங்கி, அரசின் குறுகிய காலக் கடனான திறைசேரி உண்டியல், வங்கி வைப்பு, கம்பனிகளின் குறுகிய காலக் கடன் பத்திரம் என்று ரூபாயிலேயே போடுகிற நிதியம் அது. டொலர் ஏறினால் வைப்பு எப்படித் தேயுமோ இதுவும் அப்படித்தான் தேயும். நாணய ஆபத்து என்ற ஒரு விடயத்தில் இரண்டுக்கும் வித்தியாசமே கிடையாது.

வித்தியாசம் வேறு இடங்களில் இருக்கிறது. வைப்பில் வட்டியை ஒரு வருடத்துக்குக் கட்டிவிடுகிறார்கள். இடையில் உடைத்தால் குறைத்துத் தருவார்கள். நிதியத்தில் அப்படி ஒரு வாக்குறுதி இல்லை. நாட்டு வட்டி இறங்கினால் இதன் வருமானமும் பின்னாலேயே இறங்கும். 2023இன் தொடக்கத்தில் 20 வீதத்துக்கு மேல் காட்டியவை அடுத்த வருடம் பாதிக்கும் கீழே வந்தன. ஆகவே அவர்கள் காட்டும் "கடந்த 30 நாள் வருமானம்" வரும் வருடத்துக்கான சொல் அல்ல. பதிலுக்கு, வேண்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம், தண்டம் இல்லை. மற்றது பாதுகாப்பு. வங்கியோ பதிவுபெற்ற நிதிக் கம்பனியோ விழுந்தால், ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது. நிதியத்துக்கு அந்தக் காப்புறுதி இல்லை. அங்கே காசு நிர்வாகக் கம்பனியின் கையில் இல்லாமல் பொறுப்பாளராக உள்ள ஒரு வங்கியிடம் தனியாக இருக்கிறது. நிதியத்துக்கு அனுமதி தருவது பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு. மாதாந்த அறிக்கையை வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கினேன். நான் பார்த்தது ஒன்றே ஒன்று: திறைசேரி உண்டியலும் வங்கி வைப்பும் எவ்வளவு, கம்பனிக் கடன் எவ்வளவு. கம்பனிக் கடன் கூடின ஒன்றுக்கு வருமானமும் சற்றுக் கூடத்தான் இருந்தது. அதை விட்டுவிட்டு, குறைந்த ஒன்றை எடுத்தேன்.

அப்போது என்னிடம் 6,000 டொலர் இருந்தது. எங்கே போடுவது என்று மனைவியோடு இருந்து பேசினோம். அவதான் கேட்டா: "முதலில் எதற்கு எப்போது வேண்டும் என்று எழுதுங்க." எழுதினோம்.

வளவுக்குப் பக்கத்துக் காணியை வாங்கியதில் 8 லட்சம் பாக்கி. அடுத்த சித்திரையில் கட்ட வேண்டும், உறுதியில் ரூபாயில்தான் எழுதியிருக்கிறது. டொலர் 500 ஆனாலும் நான் கட்ட வேண்டியது 8 லட்சம்தான். ரூபாய்க் கடனுக்கு ரூபாய்தான் பொருத்தம். 7.5 லட்சத்தை ஒரு வருட வைப்பில் போட்டேன். வட்டி 60,000, வரி 6,000, முதிரும்போது 8,04,000. காப்புறுதி எல்லைக்குள்ளும் இருக்கிறது. இந்தத் தொகையை நிதியத்தில் போட்டிருந்தால், வட்டி இறங்கினால் எட்டு லட்சம் எட்டாமல் போயிருக்கலாம்.

வீட்டு வேலைக்கு 4.5 லட்சம், வைகாசி முதல் நாலு மாதத்தில் துண்டு துண்டாக வேண்டும். இது நிதியத்துக்குப் போனது. இங்கேதான் ஒரு இடத்தில் சறுக்கினேன். கம்பி கட்டும் கூலிக்கு 2 லட்சம் எடுக்க மே 9, வெள்ளி பின்னேரம் கோரிக்கை அனுப்பினேன். அன்றைய நேர எல்லை முடிந்துவிட்டது. பிறகு சனி, ஞாயிறு. திங்களும் செவ்வாயும் வெசாக் விடுமுறை. புதனன்றுதான் எடுத்துக்கொண்டார்கள், கணக்குக்கு வந்தது வியாழன். மேசனுக்குச் சனிக்கிழமை கூலி கொடுக்க மச்சானிடம் கைமாற்று வாங்கினோம். இரண்டு வேலை நாளில் வரும் என்றால் அது நாட்காட்டியில் ஆறு நாளாகலாம். அதற்குப் பிறகு, கூலி நாளுக்குப் பத்து நாள் முன்பே எடுத்துச் சேமிப்புக் கணக்கில் வைக்கிறோம்.

அந்த நிதியத்திலேயே பங்குச் சந்தை நிதியத்துக்கும் மாறச் சொல்லிக் கேட்டார்கள். முந்தின வருட வருமானம் பெரிதாக இருந்தது. தட்டு போடும் காசு நாலு மாதத்தில் வேண்டும், பங்கு நாலு மாதத்தில் எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. வேண்டாம் என்றேன்.

மீதி 1,900 சொச்சம் டொலராகவே நிற்கிறது. ஊருக்குத் திரும்பி ஏசி பழுதுபார்க்கும் கடை போட வேண்டும். அதற்கு வேண்டிய வாயு, செப்புக் குழாய், வெற்றிடப் பம்ப் எல்லாம் வெளியிலிருந்து வருபவை, டொலர் ஏறினால் அடுத்த வாரமே விலை ஏறுபவை. இந்தச் செலவுக்கு ரூபாயில் எட்டு வீதம் கிடைத்தாலும் எனக்கு நிம்மதி இல்லை. எப்போது திரும்புவேன் என்று நிச்சயமில்லாததால் ஒரு வருடத்துக்குக் கட்டாமல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன், வட்டி சற்றுக் குறைவுதான். புதுப்பிக்கும் நாளில் மனைவி வங்கியின் வாங்கும் விலையைக் கேட்டு, சுவர் நாட்காட்டியில் அந்தத் தேதிக்குக் கீழே எழுதி வைக்கிறா.