ஒளிரும் வெளியேறும் பலகைகள்: பொருத்தியதும் இருட்டில் சோதித்ததும்

எங்கள் கட்டடத்தில் தாழ்வாரத்திலும் படிக்கட்டிலும் இருந்த பழைய பாதுகாப்புப் பலகைகளை எடுத்துவிட்டு, இருட்டில் ஒளிரும் பலகைகளைப் பொருத்தும் வேலை என் பொறுப்பில் வந்தது. இவற்றுக்கு மின் இணைப்பும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். மேற்பரப்பில் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் என்ற பொருள் கலந்திருக்கும். அது அறையின் வெளிச்சத்தை உள்வாங்கி வைத்துக்கொண்டு, விளக்கு அணைந்ததும் மஞ்சள் கலந்த பச்சையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடும்.

எதை எங்கே மாட்டுவது என்பதில் குழப்பம் இல்லை. நிறமும் வடிவமும் பாதுகாப்புப் பலகைகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7010-இன்படி வந்துவிடுகின்றன. பச்சைச் சதுரமோ செவ்வகமோ என்றால் வெளியேறும் வழி, முதலுதவி. சிவப்புச் சதுரம் தீயணைப்புக் கருவி இருக்கும் இடம். சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோடு இருந்தால் செய்யக்கூடாது, நீல வட்டம் என்றால் கட்டாயம் செய்ய வேண்டும், கறுப்பு விளிம்புள்ள மஞ்சள் முக்கோணம் ஆபத்து. கதவை நோக்கி ஓடும் மனிதனின் படம் ஜப்பானிய வடிவமைப்பாளர் யூகியோ ஓட்டாவின் குழு உருவாக்கியதிலிருந்து வந்தது.

மாட்டி முடித்ததும், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு எலக்ட்ரீஷியனோடு சேர்ந்து மெயினை அணைத்துப் பார்த்தோம். கையில் டார்ச் வைத்திருந்தோம், ஆனால் போடவில்லை. அப்போதுதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இருட்டில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. ஒளிர்வது பலகையின் வெளிர் பகுதி மட்டும்தான். அதன்மேல் அச்சிட்ட நிறம் எல்லாம் கறுப்பாகத் தெரிகிறது. முக்கோணத்தையும் வட்டத்தையும் வடிவத்தை வைத்துப் பிரித்துவிடலாம். ஆனால் வெளியேறும் பலகையும் தீயணைப்பான் பலகையும் இரண்டுமே நாற்கோணம். அவற்றைப் பிரித்துக் காட்டுவது உள்ளே இருக்கும் படம் மட்டுமே. அதனால் இரண்டையும் ஒட்டி ஒட்டி மாட்டியிருந்த இடங்களில் தள்ளி மாட்டினோம், வெளியேறும் பலகையில் அம்புக்குறி தெளிவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். புகையிலும் பதற்றத்திலும் ஓடுகிறவர் படத்தை நின்று படிக்க மாட்டார்.

தாழ்வாரத்தில் எல்லாம் நன்றாகவே ஒளிர்ந்தது. படிக்கட்டு இறங்கும்போது எலக்ட்ரீஷியன் நின்றுவிட்டார். "சார், இங்கே மட்டும் ஏன் இவ்வளவு மங்கலா இருக்கு? எல்லாம் ஒரே பெட்டியில வந்த பலகைதானே?"

ஒரே பெட்டிதான். பலகையின் பின்புறம் 150/22 என்று இருந்தது. விளக்கை அணைத்த 10 நிமிடத்துக்குப் பிறகு பலகையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 150 மில்லி கேண்டெலா, 60 நிமிடத்தில் 22 என்று பொருள். ஆனால் அந்த அளவு ஆய்வகத்தில் செனான் விளக்கின் 1000 லக்ஸ் வெளிச்சத்தில் பலகைக்கு 5 நிமிடம் ஒளி ஏற்றி எடுத்தது; ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அளவுதான் லக்ஸ். நம் சுவரில் அவ்வளவு வெளிச்சம் எங்கே இருக்கிறது? விளக்கைப் போட்டு லக்ஸ் மீட்டரைப் பலகையின் முகத்தோடு ஒட்டிப் பிடித்தோம். தரையில் வைத்து அளந்தால் பயனில்லை. தரையில் போதுமான அளவு காட்டிய இடத்தில் கதவுக்கு மேலே உள்ள பலகையில் 20 லக்ஸ்கூட இல்லை, ஏனென்றால் கூரை விளக்கு நேராகக் கீழே பாய்ந்தது. அமெரிக்காவின் யூஎல் 924 தரம் இவ்வகைப் பலகைகளின் முகத்தில் 54 லக்ஸ் வேண்டும் என்கிறது.

இதோடு இன்னும் இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்தன. படிக்கட்டு விளக்குகள் ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியும் சென்சார் விளக்குகள். மின்சாரம் மிச்சமாகும்தான், ஆனால் பலகை பெரும்பாலான நேரம் இருட்டில் கிடக்கிறது, ஒளி ஏறுவதற்கு வெளிச்சமே கிடைப்பதில்லை. அப்புறம், பல்புகள் மஞ்சள் வெளிச்சம் தருபவை. இந்தப் பொருள் நீல, ஊதா பக்கத்து ஒளியைத்தான் நன்றாக வாங்கும், அதனால் அதே லக்ஸ் அளவிலும் மஞ்சள் ஒளியில் குறைவாகவே ஏறும்.

சரி செய்தது இப்படித்தான்: ஆட்கள் இருக்கும் நேரத்தில் படிக்கட்டு விளக்குகள் தொடர்ந்து எரிய ஏற்பாடு செய்தோம். வெள்ளை ஒளி விளக்குகளாக மாற்றி, பலகையின் முகத்தில் ஒளி விழும்படி சிலவற்றை இடம் மாற்றினோம். கீழ்த் திருப்பத்தில் எவ்வளவு முயன்றும் வெளிச்சம் எட்டவில்லை, அங்கே ஒளிரும் பலகையை நம்பாமல் பேட்டரியோடு எரியும் வெளியேறும் விளக்கை வைத்தோம்.

மறுபடி அணைத்துப் பார்த்தபோது, முதல் சில நிமிடங்களில் பலகை பளிச்சென்று இருந்தது. பிறகு வேகமாக மங்கியது, ஆனால் அதற்குள் நம் கண் இருட்டுக்குப் பழகிவிடுவதால் படம் தெளிவாகவே தெரிந்தது. இப்போது படிக்கட்டில் எந்த பல்பை மாற்றினாலும், அருகில் இருக்கும் பலகையின் முகத்தில் லக்ஸ் அளந்து பதிவேட்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.